“நெவர் ஹேவ் ஐ” திரும்புகிறது, “ஹார்ட்லி எனிவன்” ஏன் திரும்பவில்லை?

மலர்விழி

ஒரு முதியவரின் நினைவுக் குறிப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறேன். “இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை” என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறார். அந்த “ஏ” கொடுக்கும் அழுத்தம் போய்விடக் கூடாது என்பதால் “நெவர்” என்ற சொல்லை முன்னால் கொண்டுவந்து “நெவர் ஐ ஹேவ் சீன் சச் எ திங்” என்று எழுதினேன். (படிக்க வசதியாக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.) சரிபார்த்தவர் அதை “நெவர் ஹேவ் ஐ சீன்” என்று மாற்றிவிட்டார். சரி, ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் “ஒருவர்கூட வரவில்லை என்றே சொல்லலாம்” என்று வந்தது. இந்த முறை தப்பு செய்யக் கூடாது என்று கவனமாக “ஹார்ட்லி டிட் எனிவன் கம்” என்று திருப்பி எழுதினேன். அதையும் அடித்துவிட்டு “ஹார்ட்லி எனிவன் கேம்” என்று போட்டிருக்கிறார். இரண்டுமே எதிர்மறைச் சொல்லில்தான் தொடங்குகின்றன. முதலாவதில் திருப்பாதது தப்பு, இரண்டாவதில் திருப்பியது தப்பு. காரணம் கேட்டால் “காதுக்கு அப்படித்தான் வரும்” என்கிறார். என் காதுக்கு வரவில்லை. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன்

விதி எளிமையானது. நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, நோ சூனர் இவற்றில் எது வாக்கியத்தின் முதலில் வந்தாலும் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விட வேண்டும். துணைவினை இல்லாவிட்டால் டு, டஸ், டிட் மூன்றில் பொருத்தமானதைக் கொண்டுவர வேண்டும். “ஹி ரேர்லி ஸ்பீக்ஸ்” என்பது “ரேர்லி டஸ் ஹி ஸ்பீக்” ஆகும். ஸ்பீக்ஸ் என்பதில் இருந்த “ஸ்” டஸ்ஸுக்குப் போய்விடுவதால் “ரேர்லி டஸ் ஹி ஸ்பீக்ஸ்” என்று எழுதக் கூடாது. “ஹார்ட்லி எனிவன்” மட்டும் விதிவிலக்கு. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இளவேனில்

இதில் எனக்கு வேறு குழப்பம். “ஹேவ் ஐ சீன்” என்றால் அது கேள்வி அல்லவா? “நான் பார்த்திருக்கிறேனா?” என்றுதானே பொருள்? அப்படியானால் கடைசியில் கேள்விக்குறி போட வேண்டாமா? நான் ஒரு முறை கேள்விக்குறி போட்டே எழுதியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை.

தாமரைச்செல்வி

இளவேனில், கேள்விக்குறி வேண்டாம். வரிசை மட்டும்தான் கேள்வியுடையது, பொருள் கேள்வி இல்லை. ஆனால் நீங்கள் கேள்வியை நினைத்தது வீண் போகவில்லை. மலர்விழியின் இரண்டாவது சிக்கலுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

“யாரைப் பார்த்தாய்?” என்பது “ஹூம் டிட் யூ சீ”. “யார் வந்தார்?” என்பது “ஹூ கேம்”. முதலாவதில் டிட் வந்து வரிசை திரும்புகிறது, இரண்டாவதில் டிட் வருவதே இல்லை. ஏன் என்றால் ஹூ என்பதுதான் எழுவாய். எழுவாய் ஏற்கெனவே முதலில் நிற்கிறது. அதைத் தாண்டி எதுவும் முன்னால் வரவில்லை, ஆகவே திருப்ப எதுவும் இல்லை.

எதிர்மறையிலும் இதே கதைதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

“நாட் எ வேர்ட் டிட் ஹி சே.” ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.
“நாட் எ சோல் கேம்.” ஒருவர்கூட வரவில்லை.

முதலாவதில் “நாட் எ வேர்ட்” செயப்படுபொருள். தன் இடத்திலிருந்து எழும்பி எழுவாய்க்கு முன்னால் வந்திருக்கிறது. வரிசை திரும்புகிறது. இரண்டாவதில் “நாட் எ சோல்” என்பதே எழுவாய். “ஹார்ட்லி எனிவன்” என்பதும் அப்படித்தான். அங்கே ஹார்ட்லி வினையோடு சேரவில்லை, எனிவன் என்பதோடு ஒட்டி “கிட்டத்தட்ட யாரும் இல்லை” என்ற ஒரே எழுவாயாகிவிட்டது. ஆகவே கதிரவன், இது விதிவிலக்கு இல்லை. மனப்பாடமும் வேண்டாம். முதலில் நிற்பது எழுவாயா, எழுவாயைத் தாண்டி முன்னால் வந்ததா என்று பார்த்தால் போதும்.

மலர்விழி

இது தெளிவாக இருக்கிறது. “ஹார்ட்லி” என்ற சொல்லை மட்டும் பார்த்தேன், அது யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

கதிரவன்

சரி, ஏற்கிறேன். அப்படியானால் விதி இப்படி: எதிர்மறைச் சொல் எழுவாயைத் தாண்டி முன்னால் வந்தால் எப்போதும் திருப்ப வேண்டும்.

தாமரைச்செல்வி

“எப்போதும்” என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இதைப் பாருங்கள்.

“அட் நோ டைம் டிட் ஹி ஃபினிஷ் த வொர்க்.”
“இன் நோ டைம் ஹி ஃபினிஷ்ட் த வொர்க்.”

இரண்டிலும் “நோ டைம்” இருக்கிறது, இரண்டும் எழுவாயைத் தாண்டி முன்னால் நிற்கின்றன. முதலாவது திரும்புகிறது, இரண்டாவது திரும்பாது. முதலாவதன் பொருள், எந்தக் கட்டத்திலும் அவன் வேலையை முடிக்கவில்லை. இரண்டாவதன் பொருள், கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டான். முதலாவதில் வேலை முடியவே இல்லை, இரண்டாவதில் முடிந்துவிட்டது. “இன் நோ டைம்” என்பதில் உள்ள நோ அந்தச் சொற்றொடருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முடித்தானா இல்லையா என்பதை அது தொடுவதே இல்லை.

நான் பிரதி திருத்தும் வேலையில் பல வருடம் இருந்தவள். சந்தேகம் வந்தால் இரண்டு வழிகளில் பார்ப்பேன். ஒன்று, முன்னால் வந்ததைத் திரும்ப உள்ளே அனுப்பி, நாட், எனி என்று பிரித்துப் பார்ப்பது. “ஹி டிட் நாட் ஃபினிஷ் அட் எனி டைம்” என்பது அதே பொருளைத் தருகிறது. “ஹி டிட் நாட் ஃபினிஷ் இன் எனி டைம்” என்பது தருவதில்லை. இரண்டாவது வழி, வாக்கியத்தின் வாலில் “இல்லையா?” என்று கேட்கும் சிறு கேள்வியை ஒட்டிப் பார்ப்பது. “அட் நோ டைம் டிட் ஹி ஃபினிஷ், டிட் ஹி?” என்று வரும். “இன் நோ டைம் ஹி ஃபினிஷ்ட், டிட்ன்ட் ஹி?” என்று வரும். வால் “டிட் ஹி” என்று வந்தால் முழு வாக்கியமும் எதிர்மறை. “டிட்ன்ட் ஹி” என்று வந்தால் வாக்கியம் உடன்பாடு, திருப்ப வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஒரே சொற்களை வைத்துக்கொண்டு திருப்பியும் திருப்பாமலும் எழுதிப் பார்ப்பது.

“வித் நோ டீச்சர் வுட் ஹி லேர்ன்.” எந்த ஆசிரியர் வந்தாலும் அவன் கற்க மாட்டான்.
“வித் நோ டீச்சர் ஹி வுட் லேர்ன்.” ஆசிரியர் இல்லாமல் இருந்தால் கற்றுக்கொள்வான்.

ஒரே ஆறு சொற்கள். வுட், ஹி இரண்டும் இடம் மாறியதும் பொருள் நேர் எதிராகிவிட்டது. இதைப் பார்த்த பிறகு, வரிசை திரும்புவதை வெறும் அலங்காரம் என்று என்னால் நினைக்க முடிவதில்லை. எதிர்மறை எதுவரை எட்டுகிறது என்பதை அது சொல்கிறது.

சேது

நான் ஜெர்மன் படித்தவன். அங்கே “நீ ஹாபெ இஹ் சோ எட்வாஸ் கெசேஹென்” என்பார்கள். நீ என்றால் ஒருபோதும் இல்லை, ஹாபெ துணைவினை, இஹ் என்றால் நான். நெவர் ஹேவ் ஐ என்பதேதான். ஆனால் ஜெர்மனில் “நேற்று” என்று தொடங்கினாலும் திரும்பும்: “கெஸ்டர்ன் ஹாபெ இஹ்”. எதிர்மறை தேவையே இல்லை. எது முதலில் வந்தாலும், வினை இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

பழைய ஆங்கிலமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இடைக்கால ஆங்கிலம் முடியும் தறுவாயில் அந்தப் பழக்கம் பெருமளவு போய்விட்டது. கேள்விகளிலும் எதிர்மறை முன்னால் வரும் வாக்கியங்களிலும் தங்கிவிட்டது. பழைய பாடல்களில் “நெவர் சா ஐ” என்று முக்கிய வினையே முன்னால் வரும். பின்னால் டு பரவிய பிறகு “நெவர் டிட் ஐ சீ” ஆகிவிட்டது. மலர்விழி கேட்ட வரிசை, ஆங்கிலத்தில் மிஞ்சி நிற்கும் ஒரு பழைய வீட்டின் தூண்.

இளவேனில்

அப்படியானால் “நெவர் சா ஐ” என்று இப்போதும் எழுதலாமா? கேட்க அழகாக இருக்கிறதே.

சேது

பழங்கால நடை வேண்டும் என்று தெரிந்தே எழுதினால் எழுதலாம். இன்றைய உரைநடையில் பிழையாகத்தான் தெரியும். பி, ஹேவ், வில், கேன் போன்ற துணைவினைகள்தான் இன்று எழுவாயைத் தாண்டுகின்றன. பி என்பது தனி வினையாக வந்தாலும் தாண்டும்: “நெவர் வாஸ் ஐ சோ டயர்ட்”.

மலர்விழி

இரண்டு வாக்கியங்கள் சேர்ந்து வரும்போது எதைத் திருப்புவது? “மழை விட்ட பிறகுதான் கிளம்பினோம்” என்று குறிப்பில் வருகிறது. “நாட் அன்டில்” என்று தொடங்கலாம் என்று நினைத்து “நாட் அன்டில் டிட் த ரெயின் ஸ்டாப், வி லெஃப்ட்” என்று எழுதி வைத்திருக்கிறேன். எங்கோ இடிக்கிறது.

கதிரவன்

நாட் அன்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தானே திருப்ப வேண்டும்? எனக்குச் சரியாகத்தான் படுகிறது. “ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் த ஃபோன் ரேங்” என்பதில் ஹார்ட்லிக்கு அடுத்ததுதானே திரும்புகிறது.

தாமரைச்செல்வி

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் போவோம்.

நாட் அன்டில் வாக்கியத்தில் எது நடக்கவில்லை என்று சொல்கிறோம்? மழை விடவில்லை என்றா? இல்லை. மழை விட்டுவிட்டது. அதுவரை கிளம்பவில்லை என்கிறோம். ஆக எதிர்மறை தொடுவது கிளம்பியதை. “வி டிட் நாட் லீவ் அன்டில் த ரெயின் ஸ்டாப்ட்” என்று எழுதிப் பாருங்கள், நாட் எங்கே நிற்கிறது? லீவ் என்பதோடு. இப்போது அந்த நாட்டையும் அன்டில் பகுதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி முன்னால் கொண்டுபோங்கள். பின்னால் மிஞ்சுவது “வி டிட் லீவ்”. அதுதான் திரும்பும்:

“நாட் அன்டில் த ரெயின் ஸ்டாப்ட் டிட் வி லீவ்.”

மூட்டைக்குள் இருக்கும் “த ரெயின் ஸ்டாப்ட்” அசையாது. “ஒன்லி ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட் டிட் வி லீவ்” என்பதும் இதே அச்சு. தமிழில் நாம் “தான்” போடும் இடத்தில் ஆங்கிலம் ஒன்லி போட்டு வரிசையையும் திருப்புகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். “இட் வாஸ் நாட் அன்டில்” என்று தொடங்கினால் திரும்பாது. “இட் வாஸ் நாட் அன்டில் த ரெயின் ஸ்டாப்ட் தேட் வி லெஃப்ட்” என்று சாதாரணமாகப் போகும். நாட் அங்கே வாஸ் என்பதோடு நின்றுவிட்டது.

ஹார்ட்லியில் கதை வேறு. ஹார்ட்லி உட்கார்வதோடு சேர்ந்தது. உட்கார்ந்தது முழுசாக முடிவதற்குள் போன் அடித்துவிட்டது என்கிறோம். அதனால் முதல் பகுதி திரும்புகிறது, வென் பகுதி திரும்பாது. நமக்கு இதற்குத் தயாராகவே ஒரு தமிழ் இருக்கிறது: “உட்கார்ந்தேனோ இல்லையோ, போன் அடித்தது.” அந்த “இல்லையோ” ஒட்டியிருப்பது உட்கார்வதில்தான், போனில் இல்லை. எந்தப் பகுதியைத் திருப்புவது என்ற சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார்த்து, “இல்லை” எங்கே விழுகிறது என்று கேளுங்கள். “மழை விடும்வரை கிளம்பவில்லை” என்பதில் “இல்லை” கிளம்புவதில் விழுகிறது.

ஹார்ட்லிக்கு வென், நோ சூனருக்கு தேன். “ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் தேன்” என்று கலந்து எழுதுகிறார்கள், நான் திருத்துவேன்.

மலர்விழி

“இல்லை எங்கே விழுகிறது” என்று கேட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கத்தில் நான்கு வாக்கியங்கள் சரியாக வந்துவிட்டன. ஆனால் இன்னொன்றும் புரிந்தது. தமிழில் “ஒருபோதும்” என்று தொடங்கினாலும் “இல்லை” என்று வினையில்தான் முடிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் “நெவர் ஹேவ் ஐ நாட் சீன்” என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். நெவரிலேயே இல்லை அடங்கிவிட்டது, மறுபடி நாட் போட்டதும் “நான் பார்க்காமல் இருந்ததே இல்லை” என்று ஆகிவிட்டது.

நூர்ஜஹான்

உரையாடலை இன்றுதான் பார்த்தேன். என் சிக்கலுக்கு இங்கே விடை கிடைக்குமா என்று பாருங்கள். மருந்தோடு வரும் தகவல் தாள்களை நான் மொழிபெயர்த்துச் சரிபார்க்கிறேன். ஒரு தாளில் “ரேர்லி, திஸ் மெடிசின் காசஸ் எ ரேஷ்” என்று இருந்தது. அரிதாகச் சிலருக்குத் தோலில் தடிப்பு வரும் என்று பொருள். மேற்பார்வையாளர் “ரேர்லி முதலில் வந்தால் திருப்ப வேண்டும், இது பிழை” என்று சொல்லி “ரேர்லி டஸ் திஸ் மெடிசின் காஸ் எ ரேஷ்” என்று மாற்றச் சொன்னார். நான் மாற்றவில்லை. இன்றுவரை எங்களுக்குள் அது தீரவில்லை.

கதிரவன்

மேற்பார்வையாளர் சொல்வது சரிதானே? ரேர்லி முன்னால் வந்திருக்கிறது, எழுவாய் அது இல்லை.

தாமரைச்செல்வி

நூர்ஜஹான், மாற்றாமல் விட்டது நல்லது. வாலை ஒட்டிப் பாருங்கள். திருப்பிய வாக்கியத்துக்கு “டஸ் இட்?” வரும். திருப்பாததற்கு “டஸன்ட் இட்?” வரும். ஆக, திருப்பிய வாக்கியம் “தடிப்பு வருவதில்லை என்றே சொல்லலாம்” என்கிறது. திருப்பாதது “தடிப்பு வரும், அரிதாகச் சிலருக்கு” என்கிறது. கணக்கு ஒன்றேதான், ஆனால் ஒன்று ஆறுதல் சொல்கிறது, மற்றது எச்சரிக்கிறது. மருந்துத் தாளின் வேலை எச்சரிப்பது. காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் ரேர்லி வாக்கியத்துக்கு வெளியே நின்று “அரிதான சிலரிடம்” என்று சொல்கிறது, வினையை மறுக்கவில்லை. ஆகவே திரும்பாது.

நூர்ஜஹான்

ஆமாம், எனக்கு உறுத்தியது அதுதான், சொல்லத் தெரியவில்லை. ஐரோப்பிய மருந்துத் தாள்களில் ரேர் என்ற சொல்லுக்கு அளவே வைத்திருக்கிறார்கள்: 10,000 பேரில் ஒருவர் முதல் 1,000 பேரில் ஒருவர் வரை. அந்த ஒருவர் தாளைப் படிக்கும்போது “வருவதில்லை என்றே சொல்லலாம்” என்ற தொனி அவர் கண்ணில் படக் கூடாது.

சேது

பொருளில் தாமரைச்செல்வியோடு உடன்படுகிறேன். ஆனால் காற்புள்ளியை நம்பி அந்த வாக்கியத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அச்சில் ஒரு காற்புள்ளி விழுந்துபோனால் “ரேர்லி திஸ் மெடிசின் காசஸ்” என்று நிற்கும், படிப்பவர் பிழை என்றுதான் நினைப்பார். “இன் ரேர் கேசஸ்” என்று மாற்றிவிட்டால் சண்டையே இல்லை. ரேர் அங்கே கேசஸ் என்பதோடு ஒட்டிவிடும்.

தாமரைச்செல்வி

மருந்துத் தாளுக்கு நானும் அதையே எழுதுவேன். ஆனால் “ரேர்லி” காற்புள்ளியோடு வந்தால் பிழை என்று அடிக்க மாட்டேன்.

கதிரவன்

என் நோட்டில் எழுதியிருந்த விதியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு கேள்வி. “நாட் இன்ஃப்ரீக்வென்ட்லி” என்று தொடங்கினால்? அதில் நாட் இருக்கிறது, எழுவாயைத் தாண்டியும் நிற்கிறது. ஆனால் பொருள் “அடிக்கடி” என்பதுதான்.

தாமரைச்செல்வி

இரண்டு எதிர்மறையும் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் வாக்கியம் உடன்பாடு. வாலில் “டஸன்ட் ஹி” தான் எனக்கு வருகிறது. ஆகவே “நாட் இன்ஃப்ரீக்வென்ட்லி ஹி கம்ஸ் லேட்” என்று திருப்பாமல் விடுவேன்.

சேது

நான் திருப்பியும் பார்த்திருக்கிறேன், அதுவும் கவனமாக எழுதுபவர்களிடம். “நாட் இன்ஃப்ரீக்வென்ட்லி டஸ் ஹி” என்று. எழுதும்போது நாட் கண்ணில் பட்டதும் கை தானாகத் திருப்பிவிடுகிறதா, இல்லை அவர்கள் காதுக்கு அது இன்னும் எதிர்மறையாகவே கேட்கிறதா?

தாமரைச்செல்வி

நானும் பார்த்திருக்கிறேன். திருத்தும்போது ஒரு முறை திருப்பியதைப் பழையபடி மாற்றினேன், எழுதியவர் மறுபடி திருப்பி அனுப்பினார். அவருடைய வாக்கியத்துக்கு வாலை ஒட்டி அவரையே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.